சி.என்.ஜி. ஆட்டோவின் விளக்குகள்: எது எரிந்தால் எதைப் பார்ப்பது

மும்பையில் டிராம்பே பக்கம், சீட்டா கேம்ப் ஓரத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. வருகிற ஓட்டுநர்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, விழுப்புரம் பக்கத்தவர்கள். மழைக்காலம் தொடங்கினால் நாளுக்கு இரண்டு வண்டியாவது ஒரே புகாரோடு வந்து நிற்கும்: “அண்ணே, ராத்திரி காஸ் ஃபுல்லாகப் போட்டேன், காலையில் விளக்கு இறங்கிவிட்டது, எங்கேயோ கசிகிறது.” அவற்றில் பெரும்பாலானவற்றில் கசிவே இருக்காது. அதற்குள் வேறு எங்காவது ரெகுலேட்டரை மாற்றி, இரண்டு நாள் வருமானத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டோவின் முகப்பில் இருப்பவை ஐந்தாறு விளக்குகள்தான். காஸ் அளவைக் காட்டும் நான்கு பச்சைப் புள்ளிகளும் ஒரு சிவப்புப் புள்ளியும் பெரும்பாலும் எரிபொருள் மாற்றும் சுவிட்சிலேயே இருக்கும். மஞ்சள் நிற எஞ்சின் படம், சிவப்பு நிற எண்ணெய்க் குப்பி, பச்சை N, நீல நிற ஹைபீம், இண்டிகேட்டர் அம்பு ஆகியவை தனி. வண்டிக்கு வண்டி ஒன்றிரண்டு கூடும், குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மஞ்சள் விளக்கு இருக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வாங்கியவற்றில் அது உண்டு.

## காஸ் வாடை வந்தால்: விளக்கைப் பார்க்க வேண்டாம்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கசிவைக் காட்டும் விளக்கு இந்த முகப்பில் எதுவுமே இல்லை. நான்கு பச்சையும் அழகாக எரிந்துகொண்டிருக்கும்போதே கசியலாம். அதைக் காட்டிக்கொடுப்பது உங்கள் மூக்குதான். காஸுக்கு இயல்பில் வாடை கிடையாது, நமக்குத் தெரிய வேண்டும் என்றே அழுகிய முட்டை போன்ற வாடையைச் சேர்த்து அனுப்புகிறார்கள்.

வாடை வந்தால் ஓரம் கட்டிச் சாவியை அணையுங்கள். பயணிகளை இறக்குங்கள். சிலிண்டர் வால்வை வலப்புறமாகத் திருகி மூடுங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்பதை இன்றே, பகல் வெளிச்சத்தில், கையால் தொட்டுப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் தேடிக் கண்டுபிடிக்கிற இடமல்ல அது. பிறகு வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளுங்கள், பாலத்தடிக்கோ கூரைக்கொட்டகைக்கோ வேண்டாம். காஸ் காற்றைவிட லேசானது, மேலே ஏறும். மழைக்காகப் பக்கத் திரைகளை இறக்கிக் கட்டியிருந்தால் அது கூரைத்துணிக்கு அடியிலேயே தேங்கி நிற்கும். ஆகவே தள்ளும் முன்பே திரைகளைச் சுருட்டி மேலே கட்டுங்கள். வாடை முழுவதும் போகும்வரை சாவியைப் போடக் கூடாது. அதன்பின் காஸ் கிட் வேலை தெரிந்தவரை அழைத்துவர வேண்டியதுதான், அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு அவரிடம் போகக் கூடாது.

## இரவு நான்கு விளக்கு, காலையில் மூன்றோ இரண்டோ

இதுதான் அதிகம் வரும் புகார். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

மூன்று விளக்கு மட்டும் இருந்தால். பெரும்பாலும் கோளாறு இல்லை. அந்தப் பச்சைப் புள்ளிகள் காஸின் எடையைக் காட்டவில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகின்றன. பம்பில் வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் காஸ் சூடாகிறது, சூட்டில் அழுத்தம் ஏறி கேஜ் முள் 200 பாரில் நிற்கிறது. இரவு முழுவதும் ஆறியதும் அதே காஸ் 180 பக்கம் இறங்கி நிற்கும். ஒரு கிராம்கூட வெளியே போயிருக்காது, ஆனால் நான்காவது புள்ளி அணைந்திருக்கும்.

இரண்டாக இறங்கினால். இப்போது சோதிக்க வேண்டும். முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை, ஒரு நோட்டு போதும். சிவப்பு விளக்கு வந்ததும் முழுதாக நிரப்புங்கள், கிலோமீட்டர் அளவை எழுதுங்கள். மறுபடி சிவப்பு வந்ததும் நிரப்பி, பம்ப் ரசீதில் எத்தனை கிலோ ஏறியது என்பதையும் ஓடிய தூரத்தையும் எழுதுங்கள். தூரத்தைக் கிலோவால் வகுத்தால் உங்கள் வண்டியின் வழக்கமான மைலேஜ் வருகிறதா என்று தெரிந்துவிடும். விளக்கு தவறாகக் காட்டலாம், ரசீதில் இருக்கும் கிலோ அப்படித் தவறாது.

போன ஆகஸ்டில் வந்த ஒரு தம்பியின் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு நிரப்பி, மூன்று கிலோமீட்டர் ஓட்டி வீட்டில் நிறுத்துவார். விடிந்தால் இரண்டு விளக்கு. வேறொரு இடத்தில் ரெகுலேட்டரை மாற்றியும் மாறவில்லை. நான் நோட்டு எழுதச் சொன்னேன். மறுமுறை நிரப்பியபோது 3.6 கிலோ ஏறியிருந்தது, இடையில் ஓடியது 124 கிலோமீட்டர். கிலோவுக்கு 34 சொச்சம் வருகிறது. அவருடைய வண்டிக்கு எப்போதும் கிடைப்பதே 34, 35தான். இரவில் அரை கிலோ கசிந்திருந்தால் அந்த 3.6 கிலோவில் எஞ்சினுக்குப் போனது 3.1தான், வண்டி 107 கிலோமீட்டரில் நின்றிருக்கும். ஆக, காஸ் எங்கும் போகவில்லை.

அடுத்து, காலையில் வண்டியைக் கிளப்பும் முன் கேஜ் முள்ளைப் பார்க்கச் சொன்னேன். முள் 180இல் நின்றது, சுவிட்சிலோ இரண்டே புள்ளி. முள்ளும் விளக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் இருக்கும் சென்சார், ஒயர், கனெக்டர் இவற்றில் ஒன்றுதான் கோளாறு. கேஜிலிருந்து வரும் ஒயரின் கனெக்டரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. உள்ளே இருந்த பித்தளைப் பின் ஒன்றின் அடியில் பச்சைப் பாசி போலத் துரு ஏறியிருந்தது. மழையில் தெறித்த சேறு ரப்பர் மூடிக்குள் போய்க் காய்ந்திருந்தது. சாவியை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, உலர்ந்ததும் செருகினோம். மறுநாள் காலை மூன்று விளக்கு. அவர் மாற்றிய ரெகுலேட்டரில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மைலேஜும் குறைந்திருந்தால். கணக்கில் கிலோவுக்கு நாலைந்து கிலோமீட்டர் குறைகிறது, முள்ளும் இரவில் கணிசமாக இறங்குகிறது என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், பிளக் தேய்ந்திருந்தாலும், டயரில் காற்று குறைந்திருந்தாலும் மைலேஜ் விழும் என்பதால் அந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு இரவு வண்டியை நிறுத்தியதும் சிலிண்டர் வால்வை மூடி, முள் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வால்வைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். கேஜ் வால்வுக்கு அப்பால் குழாயில் பொருத்தப்பட்டிருந்தால் இந்தச் சோதனை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். குழாயில் அடைபட்டிருக்கும் காஸ் மிகக் கொஞ்சம், எனவே சிறு கசிவு இருந்தாலும் முள் பாதிக்குக் கீழே விழுந்துவிடும். கொஞ்சம் மட்டும் இறங்கியிருந்தால் அது குளிர்ச்சியால்.

முள் விழுந்திருந்தால் சோப்புத் தண்ணீர் கரைத்து, வால்வைத் திறந்து, ஒவ்வொரு நட்டின் மேலும் பிரஷால் தடவுங்கள். நிரப்பும் வாய், வால்வின் கழுத்து, ரெகுலேட்டருக்குள் போகும் இடம் இந்த மூன்றிலும் நிதானமாகப் பாருங்கள். பெரிய கசிவு குமிழாகப் பொங்கும். சிறு கசிவு அப்படிப் பொங்காது, அரை நிமிடம் கழித்து வெள்ளை நுரை எறும்பு முட்டை போலத் திரளும். அதனால் தடவியவுடன் துடைத்துவிடாதீர்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

நுரை திரண்ட இடம் தெரிந்தால் உங்கள் வேலை அதோடு முடிந்தது. வால்வை மூடிவிட்டு ஆளை அழையுங்கள். அழுத்தம் இருக்கும்போது அந்த நட்டை ஸ்பானர் போட்டு இறுக்கக் கூடாது. 200 பாரில் கழன்று வரும் நட்டு துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். குறை சிலிண்டரின் கழுத்திலேயே இருந்தால் சாதாரணப் பட்டறை அதைத் தொடக் கூடாது, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு எப்படியும் அங்கே போயாக வேண்டும். தேதி நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம்.

## பம்பிலேயே நான்காவது விளக்கு வரவில்லை

சாயங்காலம் வரிசை நீண்டிருக்கும் நேரத்தில் நிரப்பினீர்களா என்று முதலில் யோசியுங்கள். அப்போது பம்பின் அழுத்தமே இறங்கியிருக்கும், 200 வரை ஏறாது. அங்கே இருக்கும் மானியைப் பார்த்தால் தெரிந்துவிடும். விடியற்காலையில் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். அப்போது நான்கும் எரிந்தால் வண்டியில் எதுவும் இல்லை.

## காஸ் இருக்கிறது, ஆனால் சிவப்பு எரிகிறது

கேஜ் முள்ளைப் பாருங்கள். முள்ளும் அடியில் இருந்தால் விளக்கு சொல்வது உண்மை, பம்புக்குப் போங்கள். முள் மேலே இருக்க, விளக்கு மட்டும் சிவப்பானால் மேலே சொன்ன கனெக்டர் வேலைதான் முதல் படி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் சிவப்பு மின்னி மறைந்தால் ஒயர் எங்கோ சட்டத்தில் உரசுகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது ஒயரைக் கையால் மெல்ல அசைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் மின்னுகிறது என்று பிடித்துவிடலாம். அங்கே டேப் சுற்றி, உரசாதபடி கட்டிவிடுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே சென்சாரை மாற்றப் பணம் செலவழியுங்கள். அதற்கும் பிறகுதான் சுவிட்சை மாற்றும் பேச்சு.

ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் அந்த வரிசையின் ஃபியூஸைப் பாருங்கள். எத்தனை ஆம்பியர் இருந்ததோ அதே அளவுதான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகியிருந்த வண்டிகளை நான் திறந்திருக்கிறேன். காஸ் குழாய்க்குப் பக்கத்தில் ஒயர் உருகுவது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. புதிய ஃபியூஸும் உடனே போனால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## சிவப்பு வந்தது, பெட்ரோலுக்கு மாற்றினால் வண்டி நிற்கிறது

காட்கோபர்–மான்கூர்ட் சாலையின் மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் திணறி, பெட்ரோலுக்கு மாற்றியதும் அடியோடு நின்றுவிடுவது வழக்கமான காட்சி. விளக்கின் மேல் குற்றம் இல்லை. சின்னப் பெட்ரோல் தொட்டி காலியாக இருக்கும், அல்லது ஆறு மாதம் தொடாமல் விட்ட பெட்ரோல் பிசுபிசுத்துப் போயிருக்கும். புதிதாக ஒரு லிட்டர் ஊற்றிப் பாருங்கள். பழைய வண்டியென்றால் பெட்ரோல் குழாயின் திருகு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகும் ஓடவில்லையென்றால் பெட்ரோல் வடிகட்டி, கடைசியாக பெட்ரோல் பம்ப் அல்லது கார்புரேட்டர். வாரம் ஒருநாள் காலையில் ஐந்து நிமிடம் பெட்ரோலில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம்.

## மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையவில்லை

சாவியைத் திருப்பியதும் இது எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் மகிழ வேண்டாம். விளக்கு போயிருக்கலாம். தொல்லை பொறுக்காமல் யாரோ ஒயரைப் பிடுங்கியும் விட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல இழுத்தால் அன்றைய சவாரிகளை முடித்துவிட்டுப் பார்க்கலாம். இழுவை குறைந்து, உதறலோடு ஓடினால் அப்போதே நிறுத்துங்கள். எரியாத எரிபொருள் சைலன்சருக்குள் போய் அங்கிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய பொருள் அதுதான்.

முதல் கேள்வி: நேற்று வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினீர்களா, அல்லது முழங்கால் வெள்ளத்தில் ஓட்டினீர்களா? ஆம் என்றால் சென்சார் கனெக்டர்களைக் கழற்றி உலர்த்துங்கள். அடுத்து பேட்டரி முனைகள். தளர்ந்திருந்தாலும் வெள்ளைப் பூ பூத்திருந்தாலும் மின்னழுத்தம் தடுமாறி இந்த விளக்கு வரும். பிறகு காற்று வடிகட்டி, பிளக். பிளக்கைச் சி.என்.ஜி.க்கு உரிய வகையாகப் பார்த்துப் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் எரிந்தால், கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கருவியில் பார்க்காமல் “ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம்” என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சரிசெய்த பின்னும் சில வண்டிகளில் விளக்கு உடனே அணையாது, ஓரிரு நாள் ஓடிய பிறகுதான் அணையும்.

## சிவப்பு எண்ணெய்க் குப்பி எரிகிறது

ஓடும்போது இது எரிந்தால் அடுத்த சிக்னல்வரைகூடப் போக வேண்டாம். உடனே எஞ்சினை அணையுங்கள். சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, அளவுக்கோலைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் அதே வகை எண்ணெயை ஊற்றிக் கிளப்புங்கள். சில விநாடிகளில் விளக்கு அணைந்தால் மெதுவாகப் பட்டறைக்கு வரலாம். எண்ணெய் எங்கே போனது என்று பார்த்தாக வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் எரிந்தால் இரண்டு வாய்ப்புகள்: அழுத்த சுவிட்சின் ஒயர் பழுது, அல்லது எண்ணெய்ப் பம்ப் பழுது. முதலாவது அற்பச் செலவு, இரண்டாவது எஞ்சினையே பிரிக்கும் வேலை. சாலையோரத்தில் இரண்டையும் பிரித்தறிய உங்களால் முடியாது. ஆகவே இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். “ஒயராகத்தான் இருக்கும்” என்று செம்பூரிலிருந்து ஓட்டி வந்த ஒருவரின் கிராங்க் பேரிங்கை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிபோல இருக்க வேண்டிய பரப்பு நகத்தால் கீறிய ஈயம்போல உரிந்திருந்தது. அந்த எஞ்சின் வேலைக்கு அவர் வட்டிக்கு வாங்கினார்.

## பச்சை N பொய் சொல்கிறது

கியர் நியூட்ரலில் இருந்தும் N எரியவில்லை என்றால் அவசரமில்லை. சுவிட்சின் ஒயரையோ விளக்கையோ பிறகு பார்த்துக்கொள்ளலாம். கியர் விழுந்திருக்கும்போதும் N எரிந்தால்தான் ஆபத்து. விளக்கை நம்பிக் கிளப்பினால் வண்டி முன்னால் நிற்பவர் மேல் பாயும். சோதிப்பது எளிது: எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சைத் தொடாமல் வண்டியைக் கையால் தள்ளுங்கள். தடையின்றி உருண்டால் நியூட்ரல், இறுகினால் கியரில் இருக்கிறது. கியர்ப் பிடியின் கேபிள் தளர்ந்து, பிடியில் தெரியும் குறியும் பெட்டிக்குள் விழும் கியரும் மாறிப்போயிருக்கலாம். அதையும் பாருங்கள். கேபிளை இறுக்கியும் N தவறாகவே எரிந்தால் கியர் பெட்டியில் இருக்கும் நியூட்ரல் சுவிட்சை மாற்ற வேண்டும். மாற்றும்வரை கிளட்சைப் பிடித்துக்கொண்டே கிளப்புங்கள்.